வரிசை எண் எங்கே தாண்டுகிறது?

கேள்வி: நீளமான ஒரு பிடிஎஃப் பட்டியலை எக்செலுக்கு மாற்றினேன். நடுவில் சில வரிகள் காணாமல் போயிருக்கின்றன. ஒவ்வொரு வரியாக ஒப்பிடாமல் எவை விடுபட்டன என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பட்டியலில் வரிசை எண் இருந்தால் வழி இருக்கிறது. முதலில் ஒன்று: மாற்றிய ஷீட்டில் வரிசை எண்ணில் கைவைத்து விடாதீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று 1, 2 போட்டு இழுத்துவிட்டு, அப்புறம் வந்து கேட்பவர்கள் உண்டு. எந்த வரி போனது என்பதற்கு இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடும். Sort செய்வது, Remove Duplicates கொடுப்பது எல்லாம் பிறகு. வந்தது வந்தபடி ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட கதையையே சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், 44 பக்கம், கடைசி எண் 1312. முதல் பக்கத்தில் பெரிய தலைப்பு இருந்ததால் 24 பெயர், கடைசிப் பக்கம் தவிர மற்ற பக்கங்களில் 30 பெயர். இணையத்தில் கிடைத்த ஒரு கருவியில் போட்டு மாற்றினேன். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. A-யில் வரிசை எண், B-யில் பெயர், C-யில் முகவரி. ஒரு சந்தேகத்துக்குக் காலியான செல்களில் இந்த இரண்டையும் போட்டேன்:

```
=MAX(A:A)
=COUNT(A:A)
```

மேலே 1312, கீழே 1233. 79 குறைகிறது. (உங்களுக்கு COUNT பூஜ்யம் என்று வந்தால் பயப்பட வேண்டாம், எண்கள் எழுத்தாக வந்திருக்கின்றன என்று அர்த்தம், அதற்குக் கீழே வருகிறேன்.) ஆனால் இந்தக் கழித்தலை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஓர் எண் இரண்டு முறை வந்து வேறோர் எண் விடுபட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து கணக்கு சரியாகிவிடும், குறை வெளியே தெரியாது. எனக்கும் அதுதான் நடந்திருந்தது, பட்டியலில் இல்லாத எண்கள் உண்மையில் 80.

அதனால் எத்தனை என்று கேட்பதை விட எவை என்று கேட்பது மேல். புதிய எக்செல் இருந்தால் ஒரே வரியில் முடியும்:

```
=FILTER(SEQUENCE(1312),COUNTIF(A:A,SEQUENCE(1312))=0)
```

1312 இருக்கும் இடத்தில் உங்கள் கடைசி எண்ணைப் போடுங்கள். பழைய எக்செல் என்றால் H2-விலிருந்து 1 முதல் 1312 வரை நிரப்பி, பக்கத்தில் I2-வில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIF(A:A,H2)
```

பிறகு I-யில் ஃபில்டர் போட்டு 0 வந்தவற்றை எடுத்தால் அவை விடுபட்டவை, 2 வந்தவை இரட்டை. நான் இந்தப் பழைய வழியைத்தான் இன்னும் விரும்புகிறேன், இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால். COUNTIF-இல் இன்னொரு சௌகரியம், எழுத்தாகக் கிடக்கும் 57-ஐயும் அது 57 என்றே எண்ணிக்கொள்ளும். MATCH அப்படி விட்டுக்கொடுக்காது.

எழுத்தாக வந்த எண்களைச் சரிசெய்யும்போது ஒரு குழி இருக்கிறது. பிடிஎஃப்பிலிருந்து வரும் எண்ணோடு சில சமயம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், சாதாரண TRIM அதை எடுக்காது. அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டுத்தான் TRIM செய்ய வேண்டும்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")))
```

கடைசியில் வெற்று மேற்கோள் போடாமல் நடுவே ஓர் இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். வெற்றாகப் போட்டால், நடுவே அந்த இடைவெளியோடு இரண்டு எண் ஒட்டி வந்த செல்லில் 407-ம் 408-ம் சேர்ந்து 407408 என்று ஒரே எண்ணாகிவிடும், உங்கள் MAX நான்கு லட்சத்துக்கு எகிறும். இடைவெளி விட்டால் அந்த செல் #VALUE! என்று கத்தும், கத்தினால்தானே போய்ப் பார்ப்போம்.

சரி, இப்போது 80 எண்கள் கையில். இவற்றை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப்பில் தேடப் போக வேண்டாம், Ctrl+F-இல் 55 என்று தேடினால் கதவு எண், பின்கோடு, போன் நம்பர் எல்லாம் வந்து நிற்கும். முதலில் அந்த எண்களையே வரிசையாகக் கொஞ்ச நேரம் பாருங்கள், பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

என் பட்டியல் 25, 55, 85, 98, 99, 115, 145 என்று ஆரம்பித்தது. நடுவில் இருக்கும் 98, 99-ஐ விட்டுவிட்டால் முப்பது முப்பதாகப் போகிறது. முதல் பக்கம் 24-இல் முடிகிறது என்றால் 25 இரண்டாம் பக்கத்தின் முதல் வரி, 55 மூன்றாம் பக்கத்தின் முதல் வரி. அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியைக் கருவி தலைப்பு என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. பட்டியலில் தலைப்பு வரி முதல் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது, அது கருவிக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான கருவிகளில் முதல் வரி தலைப்பா இல்லையா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டு மறுபடி மாற்றினால் இந்த வகை மொத்தமும் திரும்பி வரும். எக்செலின் Power Query வழியாக எடுத்தவர்கள் பக்கவாரியான டேபிளில் Use Headers as First Row கொடுத்தால் போதும், தலைப்பாக ஏறி உட்கார்ந்த ஆள் கீழே இறங்கி வருவார்.

அடுத்தது 896 முதல் 925 வரை ஒன்று விடாமல் முப்பதும் இல்லை. இப்படி ஒரு பக்கம் முழுசாகக் காணோம் என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து மவுஸால் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எனக்குத் தேர்வாகவே இல்லை. 31-ஆம் பக்கத்தை மட்டும் யாரோ ஸ்கேன் செய்து நடுவில் செருகியிருக்கிறார்கள், அது படம், எழுத்தே கிடையாது. டிக்கை எடுத்தாலும் இது வராது. முப்பது பெயர்தானே என்று கையாலேயே அடித்துவிட்டேன்.

98-99, 407-408, 1044-1045 என்று மூன்று ஜோடிகள் பாக்கி. ஜோடியாகக் காணாமல் போனால் பெரும்பாலும் அது காணாமல் போனதே இல்லை. A-யில் எழுத்தாக இருக்கும் செல்களை =ISTEXT(A2) போட்டு வடிகட்டினேன், ஒரே செல்லுக்குள் 407, அதை ஒட்டியே 408. பக்கத்து செல்லில் இரண்டு பெயர், அதற்கடுத்து இரண்டு முகவரியும் பிசைந்த சாதம் மாதிரி. முகவரி மூன்று வரிக்கு ஓடியதால் கோடு எங்கே என்று கருவிக்குப் புரியவில்லை. இங்கே புது வரி சேர்க்கக் கூடாது, இருப்பதைப் பிரிக்க வேண்டும். தெரியாமல் இரண்டு வரியைப் புதிதாகச் சேர்த்தால் அந்த இரண்டு பேரும் இருமுறை வருவார்கள், COUNTIF-உம் அதைக் காட்டாது.

மிச்சம் இரண்டு எண்கள், 512-உம் 733-உம். இந்த இரண்டில்தான் எனக்கு அதிக நேரம் போனது.

512-ஐச் சுற்றிப் பார்த்தால் 511 இரண்டு முறை இருந்தது. பக்கத்து வரிகளின் வித்தியாசத்தை =A3-A2 என்று போட்டால் எண் ஒழுங்காகப் போகும் இடத்தில் எல்லாம் 1 வரும், இங்கே 0 வந்து அடுத்ததே 2 வந்தது. 0-க்கு அடுத்து 2 என்றால் வரி எதுவும் போகவில்லை, தட்டச்சு செய்தவர் 512-க்குப் பதிலாக மறுபடி 511 அடித்திருக்கிறார். பிடிஎஃப்பிலும் அப்படியேதான் இருந்தது.

733 வேறு மாதிரி. அதற்கு இரட்டையும் இல்லை, பக்கத்தின் முதல் வரியும் இல்லை, ஒட்டிய செல்லும் இல்லை. ஆனால் முன்னாலேயே ஒரு துப்பு இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. பக்க முதல் வரிகள் 655, 685, 715 என்று முப்பது முப்பதாக வந்து, அடுத்தது 745 வர வேண்டிய இடத்தில் 746 வந்து, அங்கிருந்து 776, 806 என்று மறுபடி முப்பதாகப் போகிறது. அப்படியென்றால் 715-இல் தொடங்கும் பக்கத்தில் 31 வரி இருக்க வேண்டும், அல்லது எண் ஒன்று தாண்டியிருக்க வேண்டும். பக்கத்தைத் திறந்து எண்ணினேன், 30 வரிதான், 732-க்கு அடுத்து 734. மூலத்திலேயே 733 இல்லை. பழைய செயலாளருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, 733 யாருண்ணே?”

“அதுவா தம்பி, அவர் தவறிட்டாரு. பேரை எடுத்தோம், நம்பரை மாத்தலை.”

ஆக 80 எண்களில் உண்மையாக விடுபட்டவர்கள் 72 பேர்தான். எக்செலில் தனி வரியாக இருந்த 1233 பேர், ஒட்டிக் கிடந்த 6 பேர், விடுபட்ட 72 பேர், மொத்தம் 1311. கடைசி எண் 1312, அதில் 733 கிடையாது, எனவே கணக்கு முடிகிறது. இப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காரணம் கிடைக்கும் வரை விடாதீர்கள், ஒன்று புரியாமல் நின்றால்கூட அது வேறு எதையோ மறைக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்குத் தெரியாத இடங்களும் இருக்கின்றன. கடைசிப் பக்கமே வராமல் போயிருந்தால் இடைவெளி என்று ஒன்று தெரியாது, MAX-உம் சேர்ந்து குறைந்துவிடும், ஆகவே கடைசி எண்ணை எக்செலில் எடுக்காமல் பிடிஎஃப்பைத் திறந்து கண்ணால் பார்த்துப் போடுங்கள். எண் இருக்கிறது என்பதால் அந்த வரி சரியாக இருக்கிறது என்றும் இல்லை, 640-க்கு நேரே 641-இன் முகவரி உட்கார்ந்திருந்தாலும் இது கண்டுபிடிக்காது. தொகை உள்ள பட்டியல் என்றால் கூட்டிப் பார்த்து அடியில் அச்சாகியிருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடலாம், பெயர்ப் பட்டியலுக்கு அது முடியாது, அங்கங்கே பத்து வரியைப் பிடிஎஃப்போடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வார்டுவாரியாக எண் 1-இலிருந்து மறுபடி தொடங்கும் பட்டியல் என்றால் மேலே சொன்ன COUNTIF ஏமாற்றும், மூன்றாம் வார்டில் போன 17-ஐ ஐந்தாம் வார்டின் 17 மூடிவிடும். வார்டு எண் D-யில் இருந்தால் ஒவ்வொரு வார்டாக இப்படிப் போடுங்கள்:

```
=COUNTIFS(D:D,3,A:A,H2)
```