தரம் பிரித்து வாங்குகிறவருக்கு வாழை கொடுக்கும் முன் ஐந்து தாரை வெட்டிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வாழைத்தோட்டத்துக்கு இரண்டு வியாபாரிகள் வந்திருக்கிறார்கள். ஒருவர் தாருக்கு ஒரே விலை தருகிறார். இன்னொருவர் காயின் அளவும் தரமும் பார்த்து, சீப்புக்கு மூன்று விதமான விலை தருவதாகச் சொல்கிறார். யாருக்குக் கொடுப்பது?

பதில்:

இரண்டாமவர் சொல்லும் முதல் தர விலையைக் கேட்டு உங்கள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சாய்ந்தது. நான் பர்மாவில், தட்டோன் பக்கம் வாழை வைத்திருப்பவன். எங்கள் நிலத்தில் நிற்பது பெரும்பாலும் ஃபீஜான். தோல் தடித்த காய். பர்மியர்கள் வழிபாட்டுக்கு வைக்கும் கடோப்வேயில் நடுவில் ஒரு தேங்காயும் அதைச் சுற்றி மூன்று சீப்பு வாழையும் இருக்கும். அதற்கு ஃபீஜானைத்தான் தேடி வாங்குவார்கள். ஆகவே எங்களிடம் வருகிறவர்கள் எடையைவிடச் சீப்பின் அழகைத்தான் பார்ப்பார்கள். உங்கள் ரகமும் சந்தையும் வேறாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

2017இல் உள்ளூர் வியாபாரி தாருக்கு 4,000 கியாட் சொன்னார். ரங்கூனிலிருந்து வந்த பர்மிய அம்மாள் ஒருவர் முதல் தரச் சீப்புக்கு 1,000, இரண்டாம் தரத்துக்கு 500, மூன்றாம் தரத்துக்கு 200 என்றார். என் தார் ஒவ்வொன்றிலும் சராசரியாக எட்டுச் சீப்பு. மேலே ஐந்து முதல் தரம், அடுத்த இரண்டு இரண்டாம் தரம், கடைசி ஒன்று மூன்றாம் தரம் என்று நானே மனத்தில் பிரித்துக்கொண்டேன். தாருக்கு 6,200 வந்தது. உள்ளூர்க்காரரை அனுப்பிவிட்டேன். "கொடுக்கிற காசை வாங்கிக்கொள்ளடா" என்று அப்பா சொன்னதையும் கேட்கவில்லை.

நூறு தார் வெட்டி, தாராகவே லாரியில் அடுக்கி, சிட்டாங் பாலம் தாண்டி பெகு வழியாக ரங்கூன் அனுப்பினேன். வண்டிக்கூலியும் ஏற்றுக்கூலியும் என் தலையில், மொத்தம் 60,000. தரம் பிரிப்பது அவருடைய கடையில், வெட்டிய இரண்டாம் நாள். நானும் போயிருந்தேன். எண்ணூறு சீப்பில் முதல் தரத்துக்குத் தேறியவை 240 மட்டும். இரண்டாம் தரம் 310, மூன்றாம் தரம் 190, தள்ளுபடி 60. கைக்கு வந்தது 433,000. வண்டிக்கூலி போக 373,000. வாசலிலேயே 4,00,000 தருகிறேன் என்றவரை அனுப்பிவிட்டு, இரண்டு இரவு தூக்கம் கெட்டு, 27,000 குறைவாக வாங்கி வந்தேன்.

அந்த அம்மாள் ஏமாற்றிவிட்டார் என்று ஊரில் பலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு தேங்காயை வைத்து, மூன்று சீப்பைச் சுற்றிலும் பொருத்திப் பார்த்துக் கழித்தார். ஒரு சீப்பைத் திருப்பிக் காட்டி, "மோங்லே", அதாவது தம்பி, "இதைப் பார்" என்றார். பதினாறு காயில் பதினைந்து பளபளவென்று இருந்தன. ஓரத்துக் காய் ஒன்றின் நுனி மட்டும் ஒடிந்து கறுத்திருந்தது. சாமிக்கு வைக்க வாங்குகிறவர் அதைத் தொட மாட்டார். ஒரு காய் கெட்டால் சீப்பு முழுவதும் ஒரு படி இறங்கிவிடுகிறது. இதைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை. காய் காயாகப் பார்த்தால் என் சரக்கில் பத்தில் ஒன்றுகூடப் பழுது இல்லை. சீப்புச் சீப்பாகப் பார்த்தால் பாதிக்கு மேல் பழுது.

பழுது வந்ததும் மரத்தில் அல்ல. தாரோடு தார் உரசிய இடத்தில் தோல் அன்று பச்சையாகத்தான் இருக்கும், மறுநாள்தான் கறுக்கும். வெட்டுவாயிலிருந்து ஒழுகும் பால் கீழ்ச் சீப்பில் பட்டுக் காய்ந்தால் அந்தக் கறை போவதே இல்லை. நான் காயை முற்றவும் விட்டிருந்தேன். பட்டையான ஓரங்கள் மழுங்கி உருண்டு வந்த காய் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குலுங்கும் லாரியில் வெடிக்கும். தள்ளுபடியான அறுபதில் பெரும்பாலும் வெடித்தவைதான். தோட்டத்தில் நின்று நான் கண்ணால் எடுத்த தரம் வேறு, இரண்டு நாள் கழித்துக் கடையில் தெரியும் தரம் வேறு. நடுவில் விழுந்த நஷ்டம் முழுவதும் என்னுடையது.

அடுத்த ஆண்டும் அவருக்கே கொடுத்தேன். என் பிடிவாதம் என்று சிலர் எழுதக்கூடும், எழுதட்டும். இந்த முறை தரத்தை என் தோட்டத்தில் பிரிக்க வேண்டும், வண்டி உங்களுடையது, ஏற்றிய பிறகு கழிவு கிடையாது என்று கேட்டேன். கார்த்திகைக்கு முன்னால் வரும் தடிஞ்சுட் பௌர்ணமிக்குச் சரக்கு தேவைப்பட்டதால் ஒத்துக்கொண்டார். சாதாரண மாதத்தில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். பூவை ஒடிக்கும்போதே கடைசிச் சீப்பையும் நறுக்கிவிட்டேன். மிச்சக் காய்கள் கொஞ்சம் பருத்தன. முக்கால் விளைச்சலில் வெட்டி, சீப்புகளைத் தனித்தனியே அறுத்து, பால் வடியும்வரை வெட்டுவாய் கீழே இருக்கும்படி இலைமேல் கவிழ்த்து வைத்தோம். நடுவில் இலை கொடுத்து அடுக்கினோம். நூறு தாருக்கு எழுநூறு சீப்பு. முதல் தரம் 390, இரண்டு 230, மூன்று 80. மொத்தம் 521,000, வண்டிக்கூலி இல்லாமல். அறுக்கவும் அடுக்கவும் நான்கு ஆள் கூலி கூடுதல், அவ்வளவுதான். இவை எல்லாம் அன்றைய விலை; இன்று கியாட்டின் நிலையே வேறு.

இதை எழுதும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் கோயில் ஒன்றில் திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கான சீப்பு வாங்குகிறார்கள். அத்தனையும் நகரத்துச் சந்தையிலிருந்து சில்லறை விலைக்கு வருகிறது. கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வாழை வைத்திருக்கும் நம் ஆட்கள் பத்துப் பேர் இருக்கிறோம். ஒருவர்கூடக் கேட்டதில்லை. எங்கள் காய் ரங்கூன் போய்த் திரும்பி வந்து அதே சாமிக்கு முன்னால் இருக்கிறதோ என்னவோ.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரியை வரச்சொல்லி, அவர் கண்ணெதிரே ஐந்து தாரை வெட்டுங்கள். நல்ல தாராகப் பொறுக்காமல் ஒரு வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் ஐந்து. அவரையே பிரிக்கச் சொல்லி எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சீப்புகளை உங்கள் வீட்டிலேயே இரண்டு நாள் வைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கையில் வருகிற சராசரிதான் உங்கள் விலை. எனக்கு 2017இல் அந்தச் சராசரி சீப்புக்கு 541 கியாட். வண்டிக்கூலியையும் சேர்த்து 4,000க்கு ஈடாக 575 வேண்டியிருந்தது. இந்த ஒரு கணக்கை வெட்டும் முன் போட்டிருந்தால் அந்த ஆண்டு உள்ளூர்க்காரருக்கே கொடுத்திருப்பேன். உங்களுக்குச் சராசரி மேலே வந்தால் தரம் பிரிப்பவருக்குக் கொடுங்கள். ஆனால் எங்கே பிரிப்பது, ஏற்றிய பின் கழிவு யார் கணக்கு என்ற இரண்டையும் வெட்டும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.