நான்கு இருபதுக்கு சின்ன முள் எங்கே நிற்கும்?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். மணி 4:20 என்றால் சின்ன முள் 4-இல், பெரிய முள்ளும் 4-இல். அதனால் கோணம் 0 என்று போட்டேன். விடைக்குறிப்பில் 10 டிகிரி என்று இருக்கிறது. எப்படி? அடுத்து முட்கள் எப்போது ஒன்று சேரும் என்று கேட்டால் எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: வீட்டில் முள் வைத்த கடிகாரம் இருந்தால் நான்கு இருபது ஆகும்போது அதன் முன்னால் போய் நில்லுங்கள். பெரிய முள் 4 மேல் சரியாக நிற்கும். சின்ன முள் 4-ஐத் தாண்டி, 5-ஐ நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் போயிருக்கும். இருபது நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதானே. சின்ன முள் மணிக்கு ஒருமுறை எண்ணுக்கு எண் தாவுவதில்லை, மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த ஊர்தலைக் கணக்கில் விட்டதால்தான் உங்களுக்கு 0 வந்தது.

இப்போது எண்களுக்கு வருவோம். முழு வட்டம் 360 டிகிரி. பெரிய முள் அதை 60 நிமிடத்தில் சுற்றுகிறது, அதாவது நிமிடத்துக்கு 6 டிகிரி. சின்ன முள்ளுக்கு ஒரு சுற்றுக்கு 12 மணி நேரம் ஆகிறது. அப்படியென்றால் மணிக்கு 30 டிகிரி, நிமிடத்துக்கு அரை டிகிரி. 4:20-க்கு பெரிய முள் 12-இலிருந்து 20 × 6 = 120 டிகிரியில் இருக்கிறது. சின்ன முள் 4 × 30 = 120, அதோடு 20 நிமிடத்துக்கு 10, ஆக 130 டிகிரியில் இருக்கிறது. வித்தியாசம் 10.

இதையே சுருக்கி `|30h − 5.5m|` என்று எழுதுவார்கள். h மணி, m நிமிடம். மணி 12 என்றால் h-க்கு 0 போடுங்கள். விடை 180-க்கு மேல் வந்தால் 360-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பொதுவாகக் கேட்பது சிறிய கோணத்தைத்தான்.

அந்த 5.5-தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் சாவி. பெரிய முள் 6 டிகிரி போகும் அதே நிமிடத்தில் சின்ன முள் அரை டிகிரி போகிறது. அப்படியானால் பெரிய முள் நிமிடத்துக்கு 5.5 டிகிரி நெருங்குகிறது. 4:20-க்கு இடைவெளி 10. அதை மூட 10 ÷ 5.5 = 1 9/11 நிமிடம் வேண்டும். 4 மணி 21 9/11 நிமிடத்துக்கு, அதாவது ஏறக்குறைய 4:21:49-க்கு, முட்கள் ஒன்றன் மேல் ஒன்று வந்துவிடும்.

நிறையப் பேர் தவறு செய்யும் இடம் இனிமேல்தான் வருகிறது. 7:50-ஐ எடுத்துக்கொள்வோம். பெரிய முள் 300 டிகிரி, சின்ன முள் 210 + 25 = 235. கோணம் 65. உடனே 65-ஐ 5.5-ஆல் வகுத்து 11 9/11 நிமிடம் என்று எழுதிவிடக் கூடாது. அது முட்கள் ஏற்கெனவே சேர்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதற்கான விடை. இங்கே பெரிய முள் முன்னால் போய்விட்டது. சின்ன முள்ளைத் திரும்பப் பிடிக்க அது மீதி வட்டத்தைச் சுற்றி வர வேண்டும்: 360 − 65 = 295 டிகிரி. 295 ÷ 5.5 = 53 7/11 நிமிடம். ஆக அடுத்த சேர்க்கை 8 மணி 43 7/11 நிமிடத்துக்கு. அதனால் வகுப்பதற்கு முன்னால் எந்த முள் முன்னே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

விடையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. முட்கள் சேரும் நிமிடம் எப்போதும் மணியை 60/11-ஆல் பெருக்கினால் வரும். 4 × 60/11 = 21 9/11. 8 × 60/11 = 43 7/11. இரண்டும் ஒத்துப்போகின்றன. 11-க்கு இதைப் போட்டால் 60 வரும், அதாவது 12 மணி. அதனால்தான் 11-க்கும் 12-க்கும் நடுவே முட்கள் சேருவதே இல்லை. 12 மணி நேரத்தில் சேர்வது 11 முறைதான், ஒரு நாளில் 22. 24 என்று எழுதி மதிப்பெண் விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கெல்லாம் முட்கள் நிற்காமல் நகர்கின்றன என்று வைத்துப் போடுவது. சில கடிகாரங்களில் பெரிய முள் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் தாவும். அதில் 4:21-க்கு பெரிய முள் 4.5 டிகிரி பின்னால் நிற்கும், 4:22-க்குத் தாவியதும் 1 டிகிரி முன்னால் போய்விடும். அப்படிப்பட்ட கடிகாரத்தில் இரண்டு முட்களும் மிகச் சரியாகச் சேர்வதைப் பார்க்க 12 மணி வரை காத்திருக்க வேண்டும்.