கீரை மஞ்சளாவது வயலிலா, ஷெட்டிலா?

ஐயா, பாகூர் பக்கம் 40 சென்ட்டில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, அரைக்கீரை வைத்திருக்கிறேன். மதியம் 3 மணிக்குப் பறித்துக் கட்டி, ஷெட்டில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன். விடியற்காலை டெம்போவில் ஏற்றிப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போகும். அதே ஷெட்டில் என் மச்சான் தன் பழக்கடைக்குப் பூவன் தார் பழுக்க வைக்கிறார், ஆப்பிள் பெட்டியும் அடுக்குகிறார். ஒரு மாதமாகக் கட்டெல்லாம் மஞ்சளடித்துப் போகிறது, வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். மருந்துக்கடைக்காரர் தழைச்சத்துக் குறைவு, டானிக் அடி என்கிறார். வாழைப்பழத்தின் வாயு என்கிறார் இன்னொருவர். எந்த டானிக் அடிக்கலாம்? நடுவில் சாக்கு கட்டினால் போதுமா?

டானிக் வேண்டாம். சாக்கும் போதாது.

தழைச்சத்துக் குறைவு என்றால் மஞ்சள் வயலிலேயே தெரிந்திருக்கும். செடி நிற்கும்போதே அடி இலைகள் முதலில் வெளுக்கும், வளர்ச்சி குன்றும். நீங்கள் பறிக்கும்போது பச்சையாக இருந்த இலை ஒரே இரவில் மஞ்சளாகிறது என்றால், கோளாறு பறித்த பிறகு நடக்கிறது. மண்ணை விட்டுப் பிரிந்த இலைக்கு வயலில் அடித்த டானிக் எந்த வகையிலும் காவல் இல்லை. இலையைப் பார்க்காமல், எங்கே வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டிலை எடுத்து நீட்டும் கடைக்காரரிடம் பயிருக்கு யோசனை கேட்பதை நிறுத்துங்கள். அறுவடையை ஒட்டி யூரியா தெளிக்கச் சொன்னால் அதையும் கேட்காதீர்கள். இலை பெருத்துப் பளபளவென்று தெரியும், ஆனால் சதை மென்மையாகி, கட்டுக்குள் சீக்கிரம் நசுங்கி அழுகும்.

வாயு என்று சொன்னவர் சொன்னது சரி. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அந்த வாயு பட்டால் பழம் பழுக்கும், இலையோ பச்சையத்தை இழந்து மூப்படையும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கீரைக்குப் போதும், சில சமயம் அதற்கும் குறைவாகவே போதும். அதன் எடை ஏறக்குறையக் காற்றின் எடைதான். அதனால் தரையிலும் படியாது, கூரைக்கும் ஏறிப் போகாது, ஷெட் முழுக்கக் கலந்து நிற்கும். சாக்கின் இழைகளுக்கு நடுவே அது தடையில்லாமல் புகும். மூடிய ஷெட்டில் பத்தடி தள்ளி வைப்பதிலும் பெரிய பலன் இல்லை. வேண்டியது தனி இடம், அல்லது காற்று குறுக்கே ஓடும் இடம்.

எல்லா வாழையும் குற்றவாளி இல்லை. முற்றிய பச்சைத் தார் மிகக் கொஞ்சமாகத்தான் வாயு விடும். நிறம் திரும்பத் தொடங்கிய தாரும், அடிபட்டுக் காயமான சீப்பும்தான் அள்ளி விடும். உங்கள் மச்சான் தாரைப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தால், அந்தப் புகையிலும் எத்திலீன் இருக்கிறது. பழம் பழுப்பதே அதனால்தான். ஆப்பிளும் தாராளமாக வாயு விடும் பழம். குளிர்கிடங்கில் அடங்கியிருந்த பெட்டியை நம் ஊர் வெக்கையில் இறக்கி வைத்தால் வேகம் கூடும். பண்ருட்டியிலிருந்து பலா வரும் பருவத்தில் பழுத்த பலாவையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூண்டு வாடை ஷெட்டில் வருகிறதா என்றும் கவனியுங்கள். வந்தால் கார்பைடு கல் இருக்கலாம். அதிலிருந்து வரும் அசிட்டிலீன் எத்திலீனைப் போலவே வேலை செய்யும், கீரையையும் மஞ்சளாக்கும். அதைப் போட்டுப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால், சாப்பிடுபவருக்கும் கையாளும் உங்கள் மச்சானுக்கும் ஆபத்து. அவசரம் என்று சொல்லி அதைப் பொட்டலம் கட்டி விற்பவரை நான் வியாபாரி என்றே சொல்ல மாட்டேன். அரசு அனுமதிப்பது 100 பிபிஎம் வரை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவை, அதற்கென்று உள்ள பழுக்க வைக்கும் அறையில்.

எத்திலீனை உறிஞ்சும் ஊதா நிறப் பொட்டலம் என்று ஒன்றையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் எத்திலீனைச் சிதைப்பது உண்மை, மூடிய பெட்டியில் பயன்படும். தார் தாராகப் பழுக்கும் ஷெட்டில் நான்கு பொட்டலம் தொங்கவிடுவது வீண் செலவு.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். மச்சானின் தாரை வெளியேற்றினாலும் உங்கள் கீரை முழுசாகத் தப்பும் என்று நான் நினைக்கவில்லை. மதியம் 3 மணி வெயிலில் பறித்த இலை சூடாக இருக்கும். அதை அப்படியே கட்டி, அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினால் சூடு வெளியேற வழியில்லை. இலை பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, அதனால் குவியல் மேலும் சூடாகிறது. சூடு ஏற ஏற எத்திலீனின் வேலையும் விரைவாகிறது. இன்று இரவு 9 மணிக்கு அடுக்கின் நடுவே முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். வெளியே இருப்பதை விட உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால், உங்கள் கீரைக்கு வாயு, சூடு என்று இரண்டு நோய் இருக்கிறது.

கீரைக்காரர் எவரிடமும் நான் முதலில் கேட்பது பறிக்கும் நேரத்தைத்தான். மார்க்கெட் விடியற்காலை என்பதால் காலையில் பறிக்க உங்களால் முடியாது, சரி. ஆனால் மாலை 5.30 மணிக்கு மேல் பறிக்கலாம். பறித்ததை நிழலில், ஈரச் சாக்கின் மேல், ஒரு கை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிப் போடுங்கள். சூடு தணிந்து தொட்டால் குளிர்ச்சியாகத் தெரிந்த பிறகு கட்டுங்கள். கொத்தமல்லியையும் வெந்தயக்கீரையையும் வேரோடு பிடுங்குவீர்கள் அல்லவா, மண்ணைக் கழுவும்போதே வேர்ப்பகுதியை மட்டும் நனைத்தால் போதும். கட்டின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள்; இலைகளுக்கு இடையே தங்கும் நீர்தான் விடியும்போது கொழகொழவென்று நாறுகிறது. பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குப் பதில் ஈரத்துணி போடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். வேப்பமரத்தடியில் நான்கு கால் நட்டுக் கீற்று வேய்ந்த பந்தலே இந்த வேலைக்கு ஷெட்டை விட மேல்.

டெம்போவைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஓடும் வண்டியில் காற்றும் அடிக்கும். பழத்தோடு ஏற்றினாலும் அந்தச் சிறு நேரத்தில் பெரிய கெடுதல் வராது. பல மணி நேரம் மூடிய ஷெட்டில் கிடப்பதுதான் கெடுக்கிறது. ஏற்றும்போது இன்ஜினை ஓடவிட்டு ஷெட் வாசலில் புகை விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு.

மச்சானிடம் பேசுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே பாத்தியில் மாலையில் பறித்து, ஆறவைத்த மூன்று கொத்தமல்லிக் கட்டுகளை எடுங்கள். ஒன்றை நன்றாகப் பழுத்த நான்கு பூவன் பழங்களோடு மூடியுள்ள வாளியில் வையுங்கள். இரண்டாவதைப் பழமில்லாமல் அதேபோன்ற வாளியில் மூடுங்கள். மூன்றாவதைத் தார் இல்லாத நிழலில் திறந்த கூடையில் வையுங்கள். மறுநாள் மாலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாளி மட்டும் மஞ்சள், இலைகள் காம்பிலிருந்து உதிர்கின்றன, கொழகொழப்பு இல்லை என்றால் அது வாயு. இரண்டு வாளியும் கெட்டு, கூடை மட்டும் நன்றாக இருந்தால், மூடி வைத்த சூடும் காற்றோட்டமின்மையும் உங்களுக்குப் பெரிய எதிரி. அப்போது தாரை எங்கே மாற்றினாலும் தார்ப்பாயை எடுக்காமல் கீரை தேறாது.