நூலகங்களுக்குப் படி அனுப்புவதும் பதிப்புரிமைப் பதிவும்

கேள்வி: என் ஊர் நாட்டார் கதைகளைத் தொகுத்து 300 படிகள் அச்சிட்டிருக்கிறேன். கன்னிமாராவுக்கு ஒரு படி அனுப்பிவிட்டால் பதிப்புரிமை கிடைத்துவிடுமா?

கிடைக்காது, அதற்காக அனுப்பவும் வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் ஆளுக்கொரு படி அனுப்ப வேண்டும். இது நூலைச் சேமித்து வைப்பதற்கான ஏற்பாடு மட்டுமே. அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதியில் நூல் இருந்தது என்பதற்கு அது ஒரு துணைச் சான்றாக உதவலாம்.

பதிப்புரிமையோ, நீங்கள் எழுதி முடித்தபோதே உங்களுடையதாகிவிட்டது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு கட்டாயமன்று. ஆனால் வழக்கு என்று வந்தால், பதிவேட்டில் உள்ள விவரங்களை நீதிமன்றம் முதல் நோக்கில் சான்றாக ஏற்கும், எதிராளி அவற்றை மறுத்து நிரூபிக்கலாம்.

உங்கள் நூலில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாட்டி சொன்ன நரிக்கதை யாருக்கும் சொந்தமில்லை. அதை வேறொருவர் தம் நடையில் எழுதினால் நீங்கள் தடுக்க முடியாது. நரி கிணற்றடியில் நின்று பேசுவதாக நீங்களே புனைந்த உரையாடலும் உங்கள் வாக்கியங்களும் அப்படியே அவர் நூலில் வந்தால் அது மீறல். தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், பொதுவாக, பதிப்புரிமை உதவாது.