ஊர்ச் சொத்தில் என் பங்கு: பன்னிரண்டு வருடம் எந்த நாளிலிருந்து?

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா: அப்பா 1996-ல் ஒரத்தநாட்டில் தவறினார், உயில் எழுதவில்லை. வீடும் இரண்டு ஏக்கர் நஞ்சையும் அவர் சம்பாதித்து வாங்கியவை. அம்மா 2004-ல் போய்விட்டார். அண்ணன் ஊரில் இருக்கிறார், நானும் தம்பியும் சிங்கப்பூரில். 2003-லேயே பட்டாவை அண்ணன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். "இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இனி பங்கு கேட்க முடியாது" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை அம்மா. பங்கு கேட்பதற்கான 12 வருடக் காலக்கெடுவை அப்பா இறந்த நாளிலிருந்தும் எண்ணக் கூடாது, பட்டா மாறிய நாளிலிருந்தும் எண்ணக் கூடாது. தஞ்சாவூர் நீதிமன்றங்களில் பல வருடம் உரிமையியல் வழக்கு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வழக்கு வைத்திருந்த எத்தனையோ பேர் இந்த ஒரு பேச்சை நம்பித்தான் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

முதலில் பங்கைப் பார்ப்போம். உயில் இல்லாமல் அப்பா இறந்த அன்றே அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு வந்துவிட்டது. அம்மாவும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவருடைய கால் பங்கு உங்கள் மூவருக்கும் சமமாகப் பிரியும். ஆக இன்று உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. இதை யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

அடுத்தது காலக்கெடு. இந்தியாவின் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் 65-ஆம் ஷரத்து 12 வருடம் தருகிறது. ஆனால் அந்த 12 வருடம், நிலத்தை வைத்திருப்பவரின் அனுபவம் உங்களுக்கு எதிரிடையாக மாறிய நாளிலிருந்துதான் ஓடும். உடன்பிறந்தவர்களுக்குள் ஒருவர் நிலத்தை வைத்திருந்தால், எல்லாருக்காகவும் வைத்திருக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "இது என்னுடையது மட்டும்தான், உனக்கு இதில் ஒன்றும் கிடையாது" என்று அவர் வெளிப்படையாக மறுக்க வேண்டும், அந்த மறுப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். உச்ச நீதிமன்றம் 1956-ல் லக்ஷ்மி ரெட்டி வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. அதற்கு அடிப்படையாகக் காட்டிய தீர்ப்புகளில் ஒன்று, இலங்கையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு குடும்ப வழக்கு.

பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. கிஸ்தி யாரிடம் வசூலிப்பது என்பதற்கான பதிவு அது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் அப்படித்தான். ஓர் உடன்பிறப்பு தன் பேரில் பட்டா வாங்கியதால் மட்டும் மற்றவர்களின் உரிமை போய்விடாது. அண்ணன் உங்கள் முகத்துக்கு நேராக எப்போதாவது மறுத்திருக்கிறாரா? அதைச் சொல்லுங்கள்.

அவரே மீண்டும்: 2015 பொங்கலுக்குப் போனபோது சித்தப்பா, அத்தை எல்லார் முன்னாலும் "பொட்டப் புள்ளைக்கு இங்க என்ன பங்கு, கிளம்பு" என்று கத்தினார். ஆனால் 2019-ல் அவரே வாட்ஸ்அப்பில் "குத்தகை நெல்லு பணம் அனுப்பிருக்கேன், உன் பங்கு" என்று எழுதி நாற்பதாயிரம் ரூபாய் போட்டார்.

கணக்கு இங்கேதான் இருக்கிறது அம்மா. 2015 ஜனவரியில் சாட்சிகள் முன்னால் சொன்னதை வெளிப்படையான மறுப்பு என்று அவர் பக்கம் வாதிடும். அதை நீதிமன்றம் ஏற்றால் 2027 ஜனவரியோடு உங்கள் 12 வருடம் முடியும். அதன் பிறகு வழக்குப் போடும் வாய்ப்பு போவதோடு நிற்காது. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி உங்கள் உரிமையே அழிந்துவிடும்.

2019 செய்தி உங்களுக்குப் பெரிய பலம். உங்களுக்குப் பங்கு உண்டு என்று நான்கு வருடம் கழித்து அவரே எழுதிப் பணமும் அனுப்பியிருக்கிறார். அப்படியானால் 2015-ல் பேசியது கோபத்தில் வந்த சொல், உண்மையான மறுப்பு இல்லை என்று வாதிடலாம். காலக்கெடு முடியுமுன் எழுத்தில், கையெழுத்தோடு உரிமையை ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 12 வருடம் கிடைக்கும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. அதன்படி 2031 வரை போகும். ஆனால் வாட்ஸ்அப் செய்தியைக் கையெழுத்திட்ட எழுத்தாக எல்லா நீதிபதியும் ஏற்பார் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆகவே 2031-ஐ வாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழக்கை 2027 ஜனவரிக்குள் போட்டுவிடுங்கள். எத்தனை தேதி இருந்தாலும் மிகப் பழைய தேதியை வைத்து எண்ணுவதுதான் என் பழக்கம்.

அந்தக் கைப்பேசியை மாற்றவோ செய்தியை அழிக்கவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு மூலச் செய்தி இருப்பது நல்லது. பணம் வந்த வங்கிக் கணக்குப் பட்டியலையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

ஜூரோங் தம்பி ஒருவர்: ஐயா, நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வெளிநாட்டில் இருந்த காலத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும், 15-ஆம் பிரிவில் இருக்கிறது. நாம் இங்கே இருக்கும்வரை கவலையே இல்லை.

பிரிவு சரி தம்பி, ஆளைத்தான் மாற்றிப் படித்துவிட்டீர்கள். 15(5) கழிக்கச் சொல்வது பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தை. வழக்குப் போடும் நீங்கள் ஜூரோங்கில் இருந்ததற்கு ஒரு நாள்கூடக் கழியாது. ஒரத்தநாட்டு அண்ணன் ஊரிலேயே இருக்கிறார், அந்த அம்மாவுக்கு இந்தப் பிரிவால் பயனில்லை. நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் உடன்பிறப்பும் இங்கே சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்றால், அப்போது இந்தப் பிரிவைக் கட்டாயம் உங்கள் வழக்கறிஞரிடம் எடுத்துக் காட்டுங்கள்.

தோ பாயோவிலிருந்து: எங்கள் அம்மா பேரில் இருந்த வீவக வீட்டில் அண்ணன் 15 வருடமாகத் தனியாக இருக்கிறார். அப்போ அவருக்கே சொந்தமாகிவிட்டதா?

ஐயா, நான் மேலே சொன்னது தமிழ்நாட்டு நிலத்துக்கு. இங்கே சட்டம் வேறு. நீண்ட காலம் குடியிருந்ததால் உரிமை வரும் என்பதைச் சிங்கப்பூர் 1994 மார்ச் 1 முதல் எடுத்துவிட்டது, ஆகவே 15 வருடம் இருந்ததால் வீடு அவருடையதாகாது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அம்மாவும் அண்ணனும் கூட்டு உரிமையாளர்களாக இருந்து, ஒருவர் போனால் மற்றவருக்கே முழுதும் என்ற வகையில் பதிவாகியிருந்தால், அம்மா இறந்த அன்றே முழு வீடும் அண்ணனுக்குப் போயிருக்கும், பிரிக்க ஒன்றும் இருக்காது. அம்மா பேர் மட்டும் இருந்திருந்தால் அது மரபுரிமைச் சொத்தில் சேரும். பங்கு கேட்பதற்கு அங்கும் ஒரு காலக்கெடு உண்டு. பதிவைக் கையில் வைத்துக்கொண்டு இங்குள்ள வழக்கறிஞரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கடையநல்லூர்க்காரர், கேலாங்: வாப்பா மௌத்தாகி இருபது வருடம். தோப்பு நானாவிடம் இருக்கிறது. வாப்பாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவில் "எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க" என்று வாயால் சொன்னேன். எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இந்துக்களுக்குச் சொன்னது எங்களுக்கும் பொருந்துமா?

காலக்கெடு விஷயத்தில் பொருந்தும். வாரிசுகளில் ஒருவர் வைத்திருந்தால் எல்லாருக்காகவும்தான், வெளிப்படையாக மறுத்த நாளிலிருந்துதான் 12 வருடம்.

அந்த வாய்ச்சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. ஓர் இந்துக் குடும்பத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் பங்கு போகாது, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். இஸ்லாமியச் சட்டத்தில் ஹிபா என்ற கொடை வாய்மொழியாகவே செல்லும், பதிவு தேவையில்லை. கொடுப்பதாகச் சொல்வது, வாங்குபவர் ஏற்பது, அனுபவத்தை ஒப்படைப்பது, இந்த மூன்றும் இருந்தால் போதும். தோப்பு ஏற்கெனவே நானா கையில் இருப்பதால் மூன்றாவதும் நடந்துவிட்டது என்று அவர் பக்கம் சொல்லும். பங்கு பிரிக்கப்படாமல் இருந்ததா, நீங்கள் சொன்னது கொடையா அல்லது அந்த நேரத்துத் துக்கத்தில் வந்த பேச்சா என்றெல்லாம் வாதம் நடக்கும். அதன் பிறகு தேங்காய்ப் பணம் ஏதாவது உங்களுக்கு வந்திருந்தால் அது பெரிய ஆதாரம். இது எப்படி முடியும் என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இனி யாரிடமும், ஃபோனிலும்கூட, அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லாதீர்கள்.

புங்கோலிலிருந்து: எங்கள் பெரியண்ணன் 2012-ல் மொத்த நிலத்தையும் வெளியாளுக்குக் கிரயம் செய்திருக்கிறார். போன மாதம்தான் தெரிந்தது.

இதுதான் மிக அவசரமான வகை. அண்ணன் தன் பங்கைத்தான் விற்க முடியும், உங்கள் பங்கு அந்தக் கிரயத்தில் போகாது. ஆனால் வாங்கியவர் உங்கள் உடன்பிறப்பு இல்லை. முழு நிலமும் தன்னுடையது என்று சொல்லித்தான் அவர் உள்ளே நுழைகிறார், அந்த அனுபவம் முதல் நாளிலிருந்தே உங்களுக்கு எதிரிடை என்று அவர் தரப்பு வாதிடும். 2012-லிருந்து எண்ணினால் 2024-லேயே முடிந்துவிட்டது. விற்றது தெரியாதவருக்கு எப்படி எண்ணுவது என்பதில் எல்லாத் தீர்ப்புகளும் ஒரே மாதிரி இல்லை, உங்கள் நம்பிக்கை அந்த இடைவெளியில்தான். வாங்கியவர் உண்மையில் எந்த வருடம் வேலி போட்டார், எப்போது முதல் சாகுபடி செய்தார் என்பதை ஊரில் விசாரியுங்கள். பத்திரத்தின் தேதியைவிட அது முக்கியம்.

மற்றவர்களும் கேளுங்கள். `tnreginet.gov.in` தளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டு வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். அப்பா இறந்த வருடத்திலிருந்து இன்றுவரை தேடுங்கள். கிரயம், அடமானம், செட்டில்மென்ட், விடுதலை என்று எது பதிவாகியிருந்தாலும் அதில் தெரியும். உயிலும், பதிவு செய்யாத பத்திரங்களும் அதில் தெரியாது. சர்வே எண் பிற்காலத்தில் உட்பிரிவாகியிருக்கலாம், அதனால் பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் தேட வேண்டும். பலர் பழைய எண்ணில் மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

உட்லண்ட்ஸ் அம்மாவின் தம்பி: வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாச்சு ஐயா, அண்ணனிடமிருந்து பதிலும் வந்துவிட்டது. இப்போது காலக்கெடு நின்றுவிடும் அல்லவா?

நிற்காது. நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கைத் தாக்கல் செய்யும் நாளில்தான் நிற்கும். பதிலில் "உங்களுக்குப் பங்கு இல்லை" என்று எழுதியிருந்தால் யாரும் மறுக்க முடியாத மறுப்புத் தேதி ஒன்று பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். 2015-ல் அக்காவோடு நீங்களும் அந்த வீட்டில் நின்றிருந்தால் உங்களுக்கும் பழைய தேதிதான் பாதுகாப்பு. நோட்டீஸ் நம்பிக்கையில் ஐந்தாறு வருடம் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் பறந்து போக வேண்டியதில்லை, ஊரில் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், தவறினால் அபராதம் கட்டிச் சரிசெய்ய அலைய வேண்டிவரும். அந்தப் பத்திரத்தில் வழக்கு நடத்தும் அதிகாரம் மட்டும் இருக்கட்டும், விற்கும் அதிகாரம் வேண்டாம். அண்ணன் "சமாதானமாகப் போகலாம்" என்று ஊரிலிருந்து ஏதாவது தாளை அனுப்பினால் தலைப்பை முதலில் பாருங்கள். விடுதலைப் பத்திரம் என்று இருந்தால் வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க, ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து மூன்றே வருடம்தான்.