ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: பெங்களூரில் ஜாவா டெவலப்பர் வேலைக்கு ஒரு கன்சல்டன்சியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. டேபிளை நிரப்பி இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார்கள். ஜாவா 4 வருஷம், ஸ்பிரிங் பூட் 3 வருஷம், காஃப்கா, ஏடபிள்யூஎஸ் கேட்கிறார்கள். நான் 2020 ஜூலையில் சேர்ந்தேன். முதல் 14 மாதம் புரொடக்ஷன் சப்போர்ட், பிறகு ஜாவா. ஸ்பிரிங் பூட் 2022 மேயிலிருந்து. காஃப்கா 2024 ஜூனிலிருந்துதான், அதுவும் கன்ஸ்யூமர் எழுதியது மட்டும். ஏடபிள்யூஎஸ் கோர்ஸ் முடித்ததோடு சரி. 2024 டிசம்பரோடு கணக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பெனி சென்னையில், நான் திருநெல்வேலியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் கழித்துவிடுவார்களோ?

பதில்: இந்த டேபிளை இரண்டு பேர் படிக்கிறார்கள். முதலில் ரெக்ரூட்டர். அவருக்குப் பெரும்பாலும் ஜாவா தெரியாது. நீங்கள் எழுதியதைத் தன் எக்ஸெல் ஷீட்டிலோ கிளையன்டின் போர்ட்டலிலோ அப்படியே ஒட்டி அனுப்புவார். அடுத்து, இன்டர்வியூ எடுப்பவர். உங்கள் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் கேள்வியே தொடங்குவார். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் எண், பிறகு ஒரே ஒரு வரி விளக்கம். எண் ரெக்ரூட்டருக்கு, வரி இன்டர்வியூ எடுப்பவருக்கு.

கணக்கை மாதத்தில் போடுங்கள். 2020 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 54 மாதம், அதாவது 4 வருஷம் 6 மாதம். இது டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ். இதில் கை வைக்கவே கூடாது. பின்னால் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்பது வழக்கம். சேர்ந்த தேதி அதில் இருக்கும். சப்போர்ட் மாதங்களைக் கழித்தால் 40 மாதம், 3 வருஷம் 4 மாதம்: இதுதான் ஜாவா. ஸ்பிரிங் பூட் 32 மாதம், 2 வருஷம் 8 மாதம். காஃப்கா 7 மாதம். ஸ்பிரிங் பூட் மாதங்கள் ஜாவாவுக்குள்ளேயே அடக்கம். இரண்டையும் கூட்டி ‘ரெலவன்ட் 6 வருஷம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. டோட்டலைவிட ரெலவன்ட் அதிகமாக இருப்பதைப் பார்த்தவுடன் அந்த டேபிளில் வேறெதையும் நம்பத் தோன்றாது.

எழுதும் முறையிலும் ஒரு குழி இருக்கிறது. 4.6 என்று போட்டால் சிலர் 4 வருஷம் 6 மாதம் என்று படிப்பார்கள், சிலர் நாலரைக்கும் சற்று மேல் என்று படிப்பார்கள். 4.11 என்றால் இன்னும் குழப்பம். மெயிலில் வருஷம், மாதம் என்று பிரித்தே எழுதுங்கள். எண் மட்டுமே ஏற்கும் ஆன்லைன் கட்டமாக இருந்தால் 4.5.

கேட்டது ஸ்பிரிங் பூட் 3 வருஷம், இருப்பது 2 வருஷம் 8 மாதம். அதை 3 ஆக்க வேண்டாம். நான்கு மாதக் குறை பொறுத்துக்கொள்ளக்கூடியதா என்பதைச் சொல்ல வேண்டியவர் கிளையன்ட். பல இடங்களில் பொறுத்துக்கொள்வார்கள். ஜாவாவிலும் இதே கதைதான். அங்கே ‘அதற்கு முன் 14 மாதம் அதே அப்ளிகேஷனின் சப்போர்ட்’ என்ற வரி உதவும், அது உண்மையாக இருந்தால். வேறு அப்ளிகேஷன் என்றால் ‘14 மாதம் புரொடக்ஷன் சப்போர்ட்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காஃப்காவில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 7 மாதத்தை 2 வருஷம் ஆக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘மூன்று பார்ட்டிஷன், ஒரே குரூப்பில் ஐந்து கன்ஸ்யூமர் என்றால் என்ன நடக்கும்’ என்ற கேள்விக்கு, இரண்டு கன்ஸ்யூமர் சும்மா இருக்கும் என்று நீங்களும் சொல்லிவிடுவீர்கள். அது படித்தாலே வரும். அடுத்த கேள்வி இப்படி வரும்: ‘ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வருகிறது, எர்ரர் எதுவும் இல்லை. எங்கே பார்ப்பீர்கள்?’ ஒரு சுற்று மெசேஜ்களைக் கையாள `max.poll.interval.ms` அளவைவிட அதிக நேரம் பிடித்தால், வழக்கமாக அது 5 நிமிடம், காஃப்கா அந்த கன்ஸ்யூமரைக் குரூப்பிலிருந்து விலக்கிவிட்டு, ஆஃப்செட் கமிட் ஆகாத மெசேஜ்களை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். இரண்டு வருஷக்காரர் இதில் ஒருமுறையாவது மாட்டியிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே. ‘7 மாதம், கன்ஸ்யூமர் எழுதியிருக்கிறேன், கிளஸ்டர் அமைத்ததில்லை’ என்று எழுதியிருந்தால் கேள்விகள் கன்ஸ்யூமர் கோடிலேயே நிற்க வாய்ப்பு அதிகம், அங்கே நீங்கள் பலமாக இருப்பீர்கள்.

ஏடபிள்யூஎஸ் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் என்றால் மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா என்று தெரியாது. ரெக்ரூட்டருக்கு அவசரம், அடுத்த ஆளிடம் போய்விடுவார். ‘0, கோர்ஸ் முடித்திருக்கிறேன், புராஜெக்டில் பயன்படுத்தியதில்லை’ என்று எழுதினால் போதும். அது கட்டாயத் தேவை என்றால் இங்கேயே கழித்துவிடுவார்கள்தான். மூன்று ரவுண்டு, இரண்டு நாள் லீவு எல்லாம் போன பிறகு கழிவதைவிட இது எவ்வளவோ தேவலை.

இனி ஊர். கரண்ட் லொகேஷன் என்பது இன்றைக்கு நீங்கள் படுத்து எழும் ஊர், உங்களுக்குத் திருநெல்வேலி. ஆபீஸ் இருக்கும் சென்னையைப் போட்டால், ‘நாளைக்கு நேரில் வாங்க, கிண்டியில் டிரைவ்’ என்று போன் வரும்போது ராத்திரி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும். ‘திருநெல்வேலி, பேஸ் ஆபீஸ் சென்னை, இப்போது வீட்டிலிருந்து வேலை’ என்று எழுதுங்கள். நேரில் வர எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடலாம்.

பெங்களூருக்கு மாறுவீர்களா என்ற கட்டத்தில் வெறும் ‘யெஸ்’ பலவீனமான பதில். ‘எந்த ஊரானாலும் சரி’ என்பது அதைவிடப் பலவீனம். யோசிக்காமல் எழுதியது போல இருக்கும். ‘சரி, சேரும் தேதிக்கு முன்பே வந்துவிடுவேன், வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்றாலும் சம்மதம்’ என்று எழுதினால் அடுத்து கேட்க ஒன்றும் இருக்காது. வீட்டுச் சூழ்நிலையால் மாற முடியாது என்றால் ‘இல்லை, ரிமோட் என்றால் மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். இப்போதைக்கு யெஸ் போட்டுவிட்டு, ஆஃபர் வந்ததும் வீட்டிலிருந்து வேலை கேட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு பெரும்பாலும் தப்பும். ஆஃபர் லெட்டரிலேயே வேலையிடம் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் மறுத்தால் கன்சல்டன்சிக்கு கிளையன்டிடம் கெட்ட பெயர், உங்கள் பெயருக்கு எதிரே அவர்கள் ஷீட்டில் ஒரு குறிப்பு.

நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் உள்ள நாள்தான். பைஅவுட் உண்டு என்று எச்ஆர் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் ‘நெகோஷியபிள்’ சேருங்கள்.

பதிலை அவர்கள் அனுப்பிய டேபிளுக்குள்ளேயே நிரப்புங்கள். ‘ரெஸ்யூமே இணைத்துள்ளேன், பார்க்கவும்’ என்று எழுதினால், அதைத் திறந்து மாதம் எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. அனுப்புவதற்கு முன் ரெஸ்யூமேயைத் திறந்து பாருங்கள். அங்கே ‘ஸ்பிரிங் பூட் 3+’ என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு இணையுங்கள்.