ரங்கூன் தெருவில் டாலர் மாற்றும்போது நோட்டு எங்கே குறைகிறது?

கேள்வி: சென்னையிலிருந்து அடுத்த மாதம் ரங்கூனுக்கு வருகிறேன். அம்மா வழிச் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். கையில் 300 டாலர் கொண்டு வருவேன். சூலே பகோடா பக்கம் தெருவில் மாற்றினால் நல்ல ரேட் கிடைக்கும் என்கிறார்கள், ஏமாற்றுவார்கள் என்றும் சொல்கிறார்கள். என் கண்ணெதிரே எண்ணித் தரும்போது எப்படி ஏமாற்ற முடியும்? வேறு நல்ல வழி உண்டா?

பதில்: முதல் முறை எண்ணும்போது பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நீங்கள் எண்ணி முடித்த பிறகு, ஏதோ ஒரு சாக்கில் கட்டு மறுபடி அவர் கைக்குப் போகும். நோட்டு குறைவது அப்போதுதான். இந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் தந்திரம் முழுவதும் புரிந்துவிடும்.

கணக்குக்காக ஒரு ரேட் வைத்துக்கொள்வோம். கடையில் டாலருக்கு 3,900 கியாட் தருகிறார்கள், தெருவில் ஒருவர் 4,000 என்கிறார். 300 டாலருக்கு அவர் தர வேண்டியது 12 லட்சம் கியாட். 5,000 கியாட் நோட்டாகத் தந்தால் 240 நோட்டு, அதாவது நூறு நூறாக இரண்டு கட்டு, மேலே 40. கடையை விட உங்களுக்கு லாபம் 30,000 கியாட்.

நீங்கள் எண்ணுகிறீர்கள், 240 சரியாக இருக்கிறது. உடனே அவர், "அக்கா, ஒரு கட்டில் ஒன்று கூடிவிட்ட மாதிரி இருக்கிறது, கொடுங்கள் பார்க்கிறேன்" என்பார். இல்லையென்றால் உங்கள் டாலரில் மடிப்பு இருக்கிறது, ரேட்டைக் குறைக்க வேண்டும் என்று பேச்சை ஆரம்பிப்பார். பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் உங்களிடம் ஏதாவது கேட்பார். அந்தச் சில விநாடிகளில் கட்டின் அடிப்பகுதி மேசைக்குப் பின்னாலோ உள்ளங்கைக்குள்ளோ நழுவிவிடும். கட்டுக்கு எட்டு நோட்டு போனால் இரண்டு கட்டிலும் சேர்த்து 16, அதாவது 80,000 கியாட். 30,000 லாபம் பார்க்க வந்தவருக்கு 50,000 நட்டம். நீங்கள்தான் ஏற்கெனவே எண்ணிவிட்டீர்களே, மறுபடி எண்ணத் தோன்றாது. அவர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

இதன் இன்னொரு வகை மடித்த நோட்டு. கட்டின் ஓரத்தை விரலால் புரட்டி எண்ணும்போது கண்ணில் படுவது நோட்டின் நுனி மட்டும். ஒரு நோட்டைப் பாதியாக மடித்து நடுவில் செருகியிருந்தால் அதன் இரண்டு நுனியும் ஒரே பக்கம் வந்து, ஒன்று இரண்டாக எண்ணப்படும். அதனால் ஓரத்தைப் புரட்டி எண்ணாதீர்கள். ஒவ்வொரு நோட்டாக எடுத்து மேசையில் விரித்து, பத்துப் பத்தாக அடுக்குங்கள். நேரம் ஆகும், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

எண்ணும்போது நோட்டின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதும் முக்கியம். கியாட் நோட்டின் ஒரு பக்கத்தில் பர்மிய எண்கள்தான் இருக்கும். பர்மிய ஒன்று, பூஜ்யத்தின் வட்டத்தில் சிறிய வாய் திறந்த மாதிரி இருக்கும். பழகாத கண்ணுக்கு 1,000 நோட்டு நான்கு வட்டங்களாகத்தான் தெரியும். 5,000 கட்டுக்குள் 500 நோட்டைச் செருகினால் வித்தியாசம் ஒரே ஒரு வட்டம். நமக்குத் தெரிந்த எண்கள் இருக்கும் பக்கத்தையே மேலே வைத்து எண்ணுங்கள்.

உங்கள் டாலரும் இதே மாதிரி மாறக்கூடும். அமெரிக்க நோட்டுகளில் 1 டாலரும் 100 டாலரும் ஒரே அளவு. "இதில் கறை இருக்கிறது, வேண்டாம்" என்று மடித்துத் திருப்பித் தருவது நீங்கள் கொடுத்த 100 டாலரா, வேறு ஒன்றா என்று பையில் போடும் முன் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு நோட்டின் வரிசை எண்ணையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். திருப்பித் தந்தால் அங்கேயே ஒப்பிடலாம். இங்கே மடிப்பும் மை எழுத்தும் உள்ள டாலரை எங்குமே தட்டிக் கழிப்பார்கள். ஆகவே, நீல நிறப் பட்டை ஓடும் புதிய 100 டாலர் நோட்டாக வாங்கி, மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள்.

கள்ள நோட்டுக்கு என் யோசனை இதுதான்: உங்கள் உறவினர் கையில் புழங்கும் ஒரு நல்ல நோட்டை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நல்ல நோட்டில் நீர்க்குறி படம் மெல்ல மெல்லத் தெளியும். வெளிச்சமே இல்லாமல் அந்தப் படம் கண்ணுக்குத் தெரிந்தால் அது மேலே அச்சடித்தது. பாதுகாப்பு இழை காகிதத்துக்குள் ஓட வேண்டும், மேலே ஒட்டியிருக்கக் கூடாது. 1,000 கியாட் நோட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: சிங்கம் போட்ட பழைய நோட்டு ஒன்று, 2020 ஜனவரியில் வந்த ஆங் சான் படம் போட்ட நோட்டு இன்னொன்று. படம் வேறாக இருப்பதால் மட்டும் கள்ள நோட்டு ஆகிவிடாது. 25, 35, 75 கியாட் நோட்டுகளை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1987 செப்டம்பரில் ஈடு எதுவும் தராமல் அவற்றைச் செல்லாதவை ஆக்கிவிட்டார்கள். அன்று சேமிப்பை இழந்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு.

தெரு ரேட் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்றால், மத்திய வங்கி 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று குறித்த விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளிதான் தெருவில் நிற்பவருக்குத் தூண்டில். ஆனால் உரிமம் இல்லாதவரிடம் மாற்றுவது இங்கே சட்டப்படி குற்றம். நோட்டு குறைந்தது என்று போலீசுக்குப் போனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஏமாற்றுபவருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே என் ஆலோசனை, உரிமம் பெற்ற மாற்று நிலையத்துக்கோ வங்கிக்கோ உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எண்ணும் இயந்திரம் இருக்கும், ரசீது கிடைக்கும், ரேட் கொஞ்சம் குறையும். வந்து இறங்கியதும் விமான நிலையக் கவுன்டரில் 50 டாலர் மட்டும் மாற்றினால் டாக்சிக்கும் முதல் நாள் சாப்பாட்டுக்கும் ஆகும். மீதியை நூறு நூறாகத் தேவைப்படும்போது மாற்றுங்கள். ஹோட்டலில் தங்குவதானால் அதையும் உள்நாட்டு விமான டிக்கெட்டையும் ஊரிலிருந்தே கட்டிவிடுங்கள். மாற்ற வேண்டிய தொகையே பாதியாகிவிடும். ஏடிஎம்மை மட்டும் நம்பி வர வேண்டாம், பணமில்லாமல் மூடிக் கிடப்பது சகஜம். இந்திய ரூபாயை நம்பியும் வர வேண்டாம், டாலர்தான் ஓடும்.

கடையானாலும் வரிசை ஒன்றுதான். டாலர் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கியாட்டை முழுதாக எண்ணி முடித்த பிறகு டாலரை நீட்டுங்கள். "இன்னொரு தரம் எண்ணித் தருகிறேன்" என்று கட்டைக் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அது கையை விட்டுப் போன உடனே வியாபாரம் முதலிலிருந்து தொடங்குகிறது. டாலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கட்டை மறுபடி நோட்டு நோட்டாக எண்ண வேண்டும். அதற்கு முகம் சுளித்தால் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் மிச்சமுள்ள கியாட்டை இங்கேயே செலவழித்துவிடுங்கள். சென்னையில் அதை மாற்றித் தருபவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.